முன்னால் உள்ள வரி

எங்கள் கந்தோரில் ஐந்து பெண்கள் வேலை செய்கிறோம். ஐந்து பேரும் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை வாசிக்கிறோம், அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். ஊரில் இதைக் 'கொம்பியூட்டர் வேலை' என்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். அதற்கு மேல் வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

கல்முனை பசாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடி. கீழே சாரிகளை விரித்து விரித்துக் காட்டும் சத்தம், மேலே நாங்கள். வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்யும் நம் பெண்கள் துன்பம் வந்தால் எழுதுவதற்கென்று ஒரு வட்ஸ்அப் இலக்கம் இருக்கிறது. கொழும்பில் ஒரு நிறுவனம் அதை நடத்துகிறது. அந்த இலக்கத்துக்கு வருகிற தமிழ் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்தான் வரும். வீட்டு எசமானி 'மடம்' தூக்கிப் போட்ட பழைய போனில் தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? இருந்தாலும் எழுதமாட்டார்கள். ஊரில் உள்ளவர்களே கல்யாண வீட்டுச் செய்தியையும் மையத்துச் செய்தியையும் இங்கிலீஷ் எழுத்தில்தானே தட்டுகிறோம்.

அதைத் தமிழ் எழுத்தில் மாற்றுவது ஒரு மெஷின். மெஷினுக்குத் தெரியாததைத் திருத்துவது நாங்கள். திருத்திவிட்டு மூன்றில் ஒரு அடையாளம் போடவேண்டும். 'அவசரம்' என்று போட்டால் கொழும்பில் ஒருவர் உடனே அவளை அனுப்பிய முகவருக்கும் தூதரகத்துக்கும் கோல் எடுப்பார். 'விசாரணை' என்று போட்டால் ஆறுதலாகப் பார்ப்பார்கள். 'நலம்' என்று போட்டால் அந்தக் கதை அத்தோடு முடிந்தது.

மெஷின் கெட்டிக்காரன்தான், ஆனால் ஒரு சொல்லை மட்டும் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கும். wali என்று ஒருத்தி எழுதினால் அது வழியா, வலியா, வாளியா, வளியா, நிக்காஹ்வில் பெண்ணுக்குப் பொறுப்பாக நிற்கிற வலியா என்று அதற்கு எப்படித் தெரியும்? வந்த புதிதில் ஒரு வரி வந்தது: wali udanju pochu. மெஷின் 'வழி உடஞ்சு போச்சு' என்று எழுதி வைத்திருந்தது. பாவம், அந்தப் பெண் ஒரு வாளியை உடைத்துவிட்டு, அதற்கு வாங்கிய அடியை அடுத்த வரியில் எழுதியிருப்பாள். அந்த அடுத்த வரி எங்களுக்கு வரவில்லை.

வராது. அதுதான் அங்கே சட்டம். ஆளை யாரும் கண்டுபிடித்துவிடக்கூடாது என்பதற்காகப் பேரையும் இலக்கத்தையும் மறைத்து, அவள் அனுப்பிய ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகப் பிரித்து, கீரையை அரிந்து கலந்த மாதிரிக் கலந்து அனுப்புவார்கள். ஒரு வரி எனக்கு, அடுத்த வரி வேறு யாருக்கோ. ஒவ்வொரு வரியையும் மூன்று பேர் ஒருவரை ஒருவர் கேட்காமல் வாசிக்கவேண்டும். இரண்டு பேர் ஒத்துப்போனால் அதுதான் முடிவு. அடிக்கடி ஒத்துப்போகாமல் தனியாக நிற்கிறவளுக்கு முதலில் 'பயிற்சி'. பிறகும் நின்றால் வீட்டுக்குப் போகலாம்.

இந்தப் பயத்தில்தான் ஸப்னா ஒரு வழக்கத்தைத் தொடங்கினாள். சந்தேகமான வரி வந்தால் மேசையில் இருந்தபடியே சத்தமாகச் சொல்லுவாள்.

"இதுக்கு 'படி' எண்டு போடுறன். சரியா கா?"

"ஓம், ஓம்" என்று மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மூன்று பேர் தனித்தனியே வாசித்ததாகக் கொழும்பில் கணக்கு. இங்கே வாசித்தது ஒருத்தி. ஸப்னா கெட்டவள் இல்லை. சிரித்த முகம், எல்லோருக்கும் வேலை காட்டிக் கொடுத்தவளும் அவள்தான். பாண்டிருப்பிலிருந்து வரும் தமிழ்ப் பெண் கஜனிக்கு நம் சோனக முஸ்லிம் வீட்டுக் கதை சிலது பிடிபடாது, அவள் ஸப்னாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நான் 'இல்ல' என்றால் எல்லோரும் என்னை ஏதோ பந்தியில் குறை சொன்னவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பர்ஸான். மருதமுனைப் பொடியன், கெம்பஸ் முடித்தவர், குரல் உயர்த்தத் தெரியாதவர். கொழும்பிலிருந்து கோல் வந்தால் இருந்த இடத்திலேயே எழுந்து நிற்பார். அவருடன் நான் மாதக்கணக்கில் சண்டை பிடித்தேன்.

"பர்ஸான் சேர், ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தமெண்டு அந்தச் சொல்லுக்குள்ள கிடக்காது. முன்னால என்ன சொன்ன, பின்னால என்ன சொன்ன எண்டு பாத்தாத்தான் விளங்கும். நீங்க தனி வரிய மட்டும் தந்தா நாங்க என்ன சாத்திரமா பாக்கிற?"

"நான் எழுதிப் போடுறன் ராத்தா."

எழுதிப் போட்டார். அவரைக் குறை சொல்லக்கூடாது, விடாமல் எழுதினார். கடைசியில் கொழும்பு இறங்கி வந்தது. இனி ஒவ்வொரு வரிக்கும் மேலே அதற்கு முன்னால் உள்ள வரியும் தெரியும். ஒரே ஒரு வரிதான். அதுவும் அவள் தட்டிய இங்கிலீஷ் எழுத்தில் இல்லை, ஏற்கெனவே ஒத்துப்போய் முடிந்த தமிழில். அது எனக்குப் போதவில்லைதான். ஆனாலும் ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு வரி கிடைத்ததே என்று வட்டிலாப்பம் செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் தின்றார்கள், பர்ஸான் இரண்டு துண்டு தின்றார்.

சுல்பிகா என் மாமியின் மகள். எனக்கு மச்சி முறை, என்னைவிட இளையவள். ஒலுவில் துறைமுகத்தில் வள்ளம் இறக்கிக்கொண்டிருந்த புருசன் இன்னொரு கல்யாணம் முடித்துக்கொண்டு போனபிறகு, மகளை மாமியிடம் விட்டுவிட்டுக் குவைத்துக்குப் போனாள். போகும்போது இந்த இலக்கத்தை அவளுடைய போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

"ஒரு கஷ்டம் வந்தா இதுக்கு எழுது. ஆக்கள் வந்து எடுப்பாங்க" என்றேன்.

"ஆரு வாசிக்கிற?"

"அதெல்லாம் ஆக்கள் இரிக்காங்க" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். கையெழுத்துப் போட்ட வாய்.

சுல்பிகா தட்டும் விதம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்த எழுத்தையும் இரண்டு தரம் தட்டமாட்டாள். கஞ்சத்தனம் என்று நான் பகிடி பண்ணுவேன். நல்லா என்பது nala, இல்ல என்பது ila, பூட்டு என்பது potu. 'வ'வுக்கு w, அழுத்திச் சொல்கிற 'த'வுக்கும் 'ட'வுக்கும் ஒரே t. கொஞ்ச நாள் பழகினால் வாசிக்கலாம், ஏனென்றால் முன்னும் பின்னும் என்ன கதை என்று தெரியும். இன்னொன்று, எதை எழுதினாலும் தொடக்கம் ஒன்றுதான்: alhamdulilah nala iruken. பிறகுதான் காய்ச்சல், சம்பளம் வராதது, மடத்தின் மகன் தள்ளிவிட்டது எல்லாம் வரும்.

இதில் அவள் ஒன்றும் புதுமை செய்யவில்லை. எங்கள் கரையில் எல்லோரும் அப்படித்தான். என் வாப்பா மௌத்தான செய்தியைச் சொல்ல வந்த மனிசன்கூட வாசலில் நின்று ஸலாம் சொல்லி, "நாங்க எல்லாம் நல்லம், நீங்க எப்பிடி?" என்று கேட்டுவிட்டுத்தான் சொன்னார். நலம் என்று முதலில் சொல்லாவிட்டால் அல்லாஹ்வுக்கு நன்றி கெட்டவர்களாகிவிடுவோம். அதில் நலம் இருக்கிறதா இல்லையா என்று கேட்கிறவர்களும் பார்ப்பதில்லை, சொல்கிறவர்களும் பார்ப்பதில்லை.

அன்று காலை, கரண்ட் போய் வந்த கையோடு என் திரையில் ஒரு வரி வந்தது. முன்னால் உள்ள வரி தமிழில்: 'மாடிலதான் இருக்கன். தனி இல்ல.' கீழே நான் வாசிக்கவேண்டியது: kadawu potirku. மெஷின் போட்டிருந்தது: 'கதவு போட்டிருக்கு.'

நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கமிருந்து ஸப்னா.

"கதவு போட்டிருக்கு. நலம். சரியா கா?"

"ஓம்" என்றாள் கஜனி.

"பொறுங்க" என்றேன். "அது 'பூட்டிருக்கு' எண்டும் வரும்."

"முன்னால உள்ள வரிய வாசிங்களன் ராத்தா. தனி இல்லையாம். மாடியில கூட ஆக்கள் இரிக்காங்க, பாதுகாப்புக்குக் கதவும் போட்டிருக்கு. நல்லதுதானே?"

"அந்த முன்னால உள்ள வரிய ஆரு வாசிச்ச?"

"நாங்கதான். காலையில நீங்க வர முன்ன."

"என்ன எழுத்தில இருந்திச்சு?"

ஸப்னா கொஞ்சம் நினைத்துப் பார்த்தாள். "madila tan iruken. tani ila."

கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். "புள்ள, அது தண்ணியில்லயா? 'தனிய இல்ல' எண்டு எழுதிறவள் ஒரு ya எண்டாலும் போடுவாளே. மாடில இருக்கன், தண்ணி இல்ல, கதவு பூட்டிருக்கு. வாசிச்சுப் பாரு!"

"நாங்களும் முதல்ல தண்ணியெண்டுதான் நினச்ச. அதுக்கு முன்னால உள்ள வரி 'அல்ஹம்துலில்லாஹ் நல்லா இருக்கன்' எண்டு இரிந்திச்சு. நல்லா இருக்கன் எண்டு சொல்றவள் தண்ணி இல்லயெண்டு எழுதுவாளா ராத்தா?"

அந்த இடத்தில் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அந்த முன்னால் உள்ள வரியை வாங்கிக் கொடுத்தவள் நான். அது வந்து முதல் வரியைக் காட்டி இரண்டாவதைக் கெடுத்து, கெட்ட இரண்டாவதைக் காட்டி மூன்றாவதையும் கெடுத்துவிட்டது.

"ஸப்னா, உன்ர மகன் ஆஸ்பத்திரியில கிடக்கக்க எனக்கு என்ன எழுதின? 'அல்ஹம்துலில்லாஹ் நல்லா இருக்கம். மகன ஐசியுல போட்டிருக்கு.' அப்பிடித்தானே எழுதின? அந்த நேரம் நீ நல்லா இருந்தியா?"

கீழே கடையில் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸப்னாவின் முகம் சிறுத்துப்போனது.

"அது நமக்குத் தெரியும் ராத்தா" என்றாள் மெதுவாக. "ஆனா வரியில இல்லயே. வரியில உள்ளதத்தானே போடச் சொல்லிரிக்கு."

நான் 'பூட்டியிருக்கு' என்றும் 'அவசரம்' என்றும் போட்டேன். அவர்கள் இருவரும் 'போட்டிருக்கு', 'நலம்'. இரண்டுக்கு ஒன்று. கதை முடிந்தது என்று திரை பச்சை காட்டியது.

அந்தத் தட்டல் சுல்பிகாவின் தட்டல் மாதிரி இருந்தது. மாதிரிதான். ஒற்றை எழுத்தும் w-வும் இந்தக் கரையில் பாதிப் பேருக்கு வழக்கம். போனை எடுத்து அவளுக்கு ஸலாம் எழுதினேன். ஒரு டிக்தான் விழுந்தது. மடம் போனைப் பறித்து வைக்கிற நாட்களில் ஒரு டிக்தான் விழும், முன்பும் விழுந்திருக்கிறது. அப்படிச் சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு பர்ஸானிடம் போனேன்.

"சேர், இந்தப் புள்ளட எல்லா வரியையும் ஒண்டாத் திறந்து பாருங்க. ஆரெண்டு எனக்குச் சொல்ல வேணாம். நீங்க பாத்தாப் போதும்."

"எனக்கும் தெரியாது ராத்தா. திறக்கிற உரிமை கொழும்புக்குத்தான்."

"அப்ப கொழும்புக்குச் சொல்லுங்க."

எழுந்து நின்று கோல் எடுத்தார். அந்தப் பக்கத்துக் குரல் எனக்கும் கேட்டது, நல்ல மரியாதையான குரல். மூன்று வரியும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, வாசித்தவர்கள் ஒத்துப்போயிருக்கிறார்கள், திறப்பதற்குக் காரணம் இல்லை. வாசித்த இருவரில் ஒருவர் தன் வாசிப்பைத் திருத்தினால் திறக்கலாம்.

பர்ஸான் போனை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்கதானே ராத்தா கேட்டீங்க, முன்னால உள்ள வரி வேணுமெண்டு."

அவர் குத்திக்காட்டவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஸப்னாவிடம் போய்க் கெஞ்சினேன். நான் கெஞ்சுகிற பெண் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

"ஒரு வரிய மாத்து புள்ள. ஒண்டு போதும்."

"மாத்தினா எனக்குப் பிழையெண்டு விழும் ராத்தா. ஏற்கெனவே ரெண்டு விழுந்திரிக்கு. மகனுக்கு மருந்து வாங்கிற காசு இதுலதான் வாற. நீங்க சொல்றது சரியா இரிக்கலாம். சரியில்லாமலும் இரிக்கலாம்தானே?"

கஜனியிடம் போனேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கென்ன அக்கா தெரியும், உங்கட ஆக்கள் எப்பிடி எழுதிறதெண்டு? ஸப்னாக்காக்குத்தானே தெரியும். அவ சொன்னா நானும் போட்டன்."

அவளை மன்னித்துவிட்டேன். ஸப்னாவை மன்னிக்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுதான் காரணம்.

கந்தோரைவிட்டு இறங்கி நேரே முகவரின் கடைக்குப் போனேன். சுல்பிகாவை அனுப்பியவர் கல்முனையில்தான் இருக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் கஃபாவின் பெரிய படம். அவள் தொடர்பில் இல்லை, வீட்டுக்காரர்களுக்குக் கோல் எடுங்கள் என்றேன். மனிசன் பதறவே இல்லை. போனை எடுத்துத் தேடி என் பக்கம் திருப்பினார்.

"ஏன் புள்ள பயப்படுறீங்க? காலையில ஒங்கட மச்சி உதவி இலக்கத்துக்கு எழுதியிருக்கா. இந்தா, அவங்களே பாத்து முடிவு போட்டு எனக்கு அனுப்பியிருக்காங்க."

திரையில் அவளுடைய முழுப் பேரும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'நலம்'.

அந்தச் சொல்லைப் போட்டவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், எந்த மேசையில் இருந்து போட்டார்கள் என்றும் தெரியும். முகவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. "அது பிழை, அது பிழை" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். அவர் எனக்குக் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்து நீட்டினார். இவ்வளவு படித்த ஆக்கள் பார்த்து எழுதினதுக்கு மேல் தன்னால் என்ன செய்ய முடியும் என்றார். அரபி வீட்டுக்குக் கோல் எடுத்துச் சும்மா கரைச்சல் கொடுத்தால் அடுத்த தரம் ஆள் எடுக்கமாட்டார்களாம்.

திரும்ப மேல்மாடிக்கு ஓடினேன். "சேர், அது சுல்பிகாதான். என்ர மாமிட மகள். முகவர்ர போன்ல பேரோட பாத்தன். இப்ப எண்டாலும் சொல்லுங்க."

பர்ஸான் வெளிறிப்போனார். இந்தத் தரம் அவருக்கும் அவசரம் புரிந்தது, உடனேயே கோல் எடுத்தார். கொழும்பிலிருந்து அதே மரியாதையான குரல். வாசிக்கிறவருக்கும் எழுதினவருக்கும் உறவு இருந்தால் அந்த வாசிப்பு செல்லாது, அது முதல் நாளே சொன்ன சட்டம். ஆகவே என் வாசிப்பை நீக்குகிறார்கள். இப்போது இரண்டுக்கு ஒன்றும் இல்லை. இரண்டுக்குப் பூச்சியம்.

"ஆனா விசாரணையில போட்டு வைக்கிறாங்களாம் ராத்தா" என்றார் பர்ஸான். "கிழமை முடிய ஒருக்காப் பாப்பாங்களாம்."

அவளை எழுத்தால் அறிந்தவள் நான் ஒருத்திதான். அறிந்த காரணத்துக்காகவே என்னை எடுத்துவிட்டார்கள். இதைப் பச்சையாகவே சொல்கிறேன்: அந்த நேரம் அந்தக் கந்தோரையே கொளுத்திவிட வேண்டும் போல் இருந்தது.

தெரிந்த வழியெல்லாம் தட்டினேன். தூதரகத்து இலக்கத்தில் ஒரு பெண் பேரை எழுதிக்கொண்டாள். குவைத்தில் சாரதியாக இருக்கிற எங்கள் ஊர் அதாவுல்லாவுக்குச் சொன்னேன், அவருக்கு வீடு எந்தப் பகுதி என்று தெரியவில்லை. முகவர் விலாசம் தர மறுத்தார். அவருடைய வாயில் அந்த 'நலம்' எப்போதும் தயாராக இருந்தது.

கிழமை முடிவதற்கு முன்பே சுல்பிகா மாடி ஜன்னலால் குதித்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலையாளிச் சாரதி ஒருவர் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இடுப்பு எலும்பு உடைந்து, ஒரு கால் உணர்ச்சி இல்லாமல் போய்விட்டது. அந்த அறையில் அவளை வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் பயணம் போயிருக்கிறார்கள். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரைக் கோப்பையில் பிடித்துக் குடித்திருக்கிறாள். ஒளித்து வைத்திருந்த போனில் சார்ஜ் முடிவதற்கு முன் பக்கத்து வீட்டு வைஃபை ஒரு பொட்டுக் கிடைத்ததாம். அதில்தான் அந்த மூன்று வரி.

அவள் ஊருக்கு வந்தபிறகு கந்தோரில் ஒரு கூட்டம் வைத்தார்கள். யாருடைய பிழையும் இல்லை, நடைமுறையில் ஒரு குறை என்றார்கள். ஸப்னா அழுதாள். நான் வேலையை விடவில்லை. விட்டால் என் கதிரையில் 'ஓம்' சொல்கிற இன்னொருத்தி வந்து உட்காருவாள். ஒத்துப்போன வரிகளைப் பார்த்துத்தான் மெஷின் படிக்கிறது. நன்றாகப் படித்துவிட்டது. tani ila என்று யார் எழுதினாலும் இப்போது தயங்காமல் 'தனி இல்ல' என்று எழுதுகிறது. நான் திருத்துகிறேன், அடுத்த நாளும் எழுதுகிறது.

சுல்பிகாவைப் பார்க்க மாமி வீட்டுக்கு அடிக்கடி போனேன். சீலை மறைப்புப் போட்ட முன்னறையில் கட்டிலில் கிடந்தாள். பக்கத்தில் மகள் இருந்து எழுதிக்கொண்டிருப்பாள். சுல்பிகா யாரையும் திட்டவில்லை. மடத்தைக்கூடத் திட்டவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் அவளுடைய பொறுமையைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். அவள் அப்படிப் பேசாமல் கிடக்க எனக்குத்தான் நெஞ்சு பொறுக்கவில்லை. கையெழுத்தாவது மண்ணாவது என்று ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மேல்மாடி, மூன்று பேர், முன்னால் உள்ள வரி, தண்ணி, கதவு. ஒன்றும் விடவில்லை.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வாசிச்ச ஆக்கள் நம்மட ஊரா, மச்சி?"

"ஓம்."

"தமிழ் ஆக்களா, நம்மட ஆக்களா?"

"ஒராள் பாண்டிருப்பு. ஒராள் நம்மட ஆள்."

குசினிக்குள் மாமி தேத்தண்ணிக்குக் கோப்பை கழுவுகிற சத்தம் கேட்டது.

"நான் அந்த மாடியில கிடக்கக்க ஒண்டத்தான் நினச்சிட்டுக் கிடந்த" என்றாள். "வாசிக்கிறவன் ஆரோ வெள்ளக்காரன், நம்மட பாஷை விளங்காதவன், பாவம் அவன் என்ன செய்வான் எண்டு. விளங்கியிருந்தா வராம இருப்பாங்களா எண்டு. அத நினச்சித்தான் மச்சி ஆரு மேலயும் கோவமில்லாமக் கிடந்த. இஞ்ச வந்தும் அப்பிடித்தான் கிடந்த."

நான் அவளுடைய கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"என்னத்துக்கு மச்சி இத எனக்குச் சொன்னீங்க?"